68 நாள் சிகிச்சைக்குப் பின் ஒரு இரங்கற் கடிதம்: நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து, இறந்தவரின் குடும்பத்துக்கு வைத்தியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பற்றியது இது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன. கடிதம் குடும்பத்தின் சம்மதத்துடன் தரப்படுகிறது.

பின்னணி

வலிகாமம் கிழக்கைச் சேர்ந்த வெங்காயத் தோட்டக்காரர், வயது 57. தை மாதத் தொடக்கத்தில் வயிற்றோட்டம் வந்து மாறியிருந்தது. பத்து நாளின் பின் பாதம் விறைத்தது. அடுத்த நாள் கால் தளர்ந்தது. தண்ணிக்குள் நின்று வேலை செய்ததால் வந்த பிடிப்பென்று நினைத்து வீட்டில் எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தார்கள். மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் கதிரையிலிருந்து எழும்ப முடியாத நிலையில் கொண்டுவந்தார்கள்.

கில்லன்-பாரே நோய் என்று அறியப்பட்டது. தொற்றொன்றுக்குப் பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்குவதால் காலில் தொடங்கி மேல்நோக்கி ஏறும் தளர்ச்சி இது. பலவீனம் தொடங்கிய ஐந்தாம் நாள் இமியூனோகுளோபியூலின் ஏற்றத் தொடங்கினார்கள்: 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 24 கிராம், ஐந்து நாள். ஏழாம் நாள் மூச்சுத் தசைகளும் தளர்ந்து சுவாச இயந்திரத்தில் போடவேண்டி வந்தது. இரண்டு கிழமை கழித்துக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள்.

இந்த நோயில் அறிவு மங்குவதில்லை. கை, கால், குரல் எதுவும் இல்லாமல் படுத்திருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். இவருக்குக் கண்ணை மூடித் திறக்கும் வலு மிஞ்சியிருந்தது. ஆறாம் கிழமையில் நாளுக்குச் சில மணித்தியாலம் இயந்திரமில்லாமல் மூச்சு விட்டார். எட்டாம் கிழமையில் நுரையீரலில் தொற்று வந்தது. நுண்ணுயிர்க்கொல்லியை இரண்டு தடவை மாற்றியும் அடங்கவில்லை. 68ஆம் நாள் அதிகாலை 3.40க்கு இறந்தார்.

கவனிக்கப்பட்டவை

கடிதம் எழுதத் தீர்மானித்தபோது வைத்தியரின் கையில் மூன்று விடயங்கள் இருந்தன.

முதலாவது, மனைவி கேட்ட கேள்வி. அன்று விடிய, உடலைப் பொறுப்பேற்க நின்ற இடத்தில், “மூண்டு நாள் வீட்டை வைச்சிருந்தது பிழையோ டொக்டர்?” என்று அவர் கேட்டார். வைத்தியர் “அப்படி ஒண்டும் யோசியாதேங்கோ அம்மா” என்றார். அது ஆறுதல்தான், பதிலல்ல. கேட்டவருக்கும் அது தெரியும். யோசிக்க வேண்டாம் என்று சொன்னால், யோசிக்க ஏதோ இருக்கிறது என்றுதான் காதில் விழும்.

இரண்டாவது, அவர் இறந்த இரவு. மாலை 7 மணிக்கு மனைவியை வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரச் சொன்னது பிரிவு ஊழியர்கள். 3.10க்கு இரத்த அழுத்தம் இறங்கியதும் தொலைபேசி எடுத்தார்கள். வீட்டார் வந்து சேர்ந்தபோது மணி 4.25. 68 நாளும் வந்துபோனவர் கடைசி நேரத்தில் இல்லை. அதற்குக் காரணம் வைத்தியசாலையின் சொல்.

மூன்றாவது, தாதியரின் கொப்பி. நோயாளி எழுத்து அட்டை மூலம் பேசியவர். அட்டையில் ஒரு பக்கம் உயிரெழுத்து 12, மறுபக்கம் மெய்யெழுத்து 18. தாதி வரியைச் சொல்லிக் கேட்பார், பிறகு எழுத்தை. ஆம் என்றால் ஒரு சிமிட்டல். முதலில் மெய், அடுத்து உயிர். “மோ” என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு தேடல் வேண்டும். “மோட்டர்” என்று முடிக்க நாலு நிமிடமாவது போகும், பாதியில் தாதி ஊகித்தால் குறையும். வந்த சொற்களைத் தாதியர் ஒரு கொப்பியில் திகதியுடன் குறித்து வந்தார்கள். அந்தக் கொப்பியில் அதிகம் வந்த சொல் மோட்டர். தோட்டத்துக் கிணற்று மோட்டரைத்தான் கேட்டார்.

முதல் வரைவு

மூன்றாம் நாள் எழுதிய வரைவு இப்படி இருந்தது:

“நோயாளி 68 நாட்கள் எமது பிரிவில் சிகிச்சை பெற்று, எதிர்பாராத சிக்கல்கள் காரணமாக இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த கவலையுடன் நினைவுகூருகிறோம். எம்மால் முடிந்த அனைத்தையும் செய்தோம். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.”

பிரிவின் மூத்த தாதி இதை வாசித்துவிட்டு, பத்திரிகை மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்றார். அதைவிடப் பெரிய பிழை “எதிர்பாராத” என்ற சொல்லில் இருந்தது. நெடுநாள் இயந்திரத்தில் இருப்பவருக்கு நுரையீரல் தொற்று வரலாமென்று மூன்றாம் கிழமையிலேயே குடும்பத்தை இருத்திச் சொல்லியிருந்தார்கள், பதிவேட்டில் அது குறிக்கப்பட்டும் இருந்தது. எதிர்பார்த்துச் சொன்னதை எதிர்பாராதது என்று எழுதினால், அன்று கேட்டுக்கொண்டிருந்த, இறந்தவரின் தமையனாருக்கு ஒன்று பொய்யென்று படும். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் இப்படித்தான் தொடங்கும்.

“முடிந்த அனைத்தையும் செய்தோம்” என்பது எழுதுகிறவரைப் பற்றிய வசனம். இழந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. “நோயாளி”, “அன்னார்” இரண்டும் 68 நாள் “அண்ணை” என்று கூப்பிட்டவரைத் தூரத் தள்ளுகின்றன. ஆத்மா சாந்தி வசனமும் எடுக்கப்பட்டது. குடும்பம் சைவம், எழுதுகிறவர் வேறு சமயம். அந்தப் பிரார்த்தனையைச் செய்ய வேண்டியவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

தீர்மானங்களும் காரணங்களும்

எழுதத்தான் வேண்டுமா என்பதே முதற் கேள்வியாக இருந்தது. பிரான்ஸில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 242 உறவினரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஒரு பகுதியினருக்கு, மரணத்தின் பின் ஏறக்குறைய இரண்டு கிழமையில் வைத்தியரும் தாதியும் கையால் எழுதிய கடிதம் போனது. மற்றவர்களுக்குப் போகவில்லை. ஒரு மாதத்தில் துயரம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் மனச்சோர்வு அறிகுறிகளும் அதிர்ச்சியின் பின்னான அறிகுறிகளும் கடிதம் பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தன. எல்லாக் கடிதமும் தீமை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தை மருந்தென்று எண்ணி எல்லோருக்கும் அனுப்புவது சரியல்ல. இங்கே எழுதியதற்குக் காரணம், பதில் கிடைக்காத ஒரு கேள்வியும், வைத்தியசாலை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒரு விடயமும் இருந்தது. இரண்டும் இல்லையென்றால் ஒரு தொலைபேசி அழைப்புடன் விட்டிருக்கலாம்.

யாருக்கு எழுதுவது என்பது அடுத்தது. வைத்தியருடன் பேசி வந்தவர் தமையனார். கனடாவிலுள்ள மகன் இரவில் அழைத்துக் கேட்பவர், ஆங்கிலத்தில் எழுதினால் அவருக்கு வசதி. ஆனால் கேள்வியைக் கேட்டவர் மனைவி. ஆகவே கடிதம் அவர் பெயருக்கு, தமிழில். மகனும் மகளும் அதை அவரிடமிருந்து வாசித்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. நோயாளியைப் பற்றி அறிந்ததை அவர் இறந்த பின்னும் காக்க வேண்டுமென்று ஜெனீவா பிரகடனம் சொல்வதையும் இங்கே எண்ணிப் பார்த்தார்கள். மனைவி எல்லா விபரமும் அறிந்தவர். மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்வதென்பது அவரின் கையில் இருக்க வேண்டும்.

எப்போது என்பதை யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டு ஒழுங்குதான் தீர்மானித்தது. எட்டுச்செலவு முடியும்வரை வீடு நிறைய ஆட்கள். அந்த நாட்களில் வரும் கடிதத்தை யாரோ உடைத்து எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வந்தால், தனித்திருப்பவரை அது திடீரென்று தொடும். இரண்டுக்கும் இடையில், பன்னிரண்டாம் நாள் அனுப்புவதென்று வைத்தார்கள். எழுதியது மட்டும் முதற் கிழமையிலேயே. பிந்தினால் விபரம் மறந்துபோய்ப் பொதுச்சொற்கள் வந்து உட்காரும்.

எதை விடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. கொப்பியில் 61ஆம் நாள் பக்கத்தில் “வீட்டை” என்ற சொல் மூன்று தடவை இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார். சுவாச இயந்திரத்தில் இருந்தவரை அப்போது அனுப்ப வழி இருக்கவில்லை. இதைக் கடிதத்தில் எழுதினால் மனைவி அதைத் தனியே, கேள்வி கேட்க ஆளில்லாமல் வாசிப்பார். எழுதுவதில்லை, நேரில் கேட்டால் மறைப்பதுமில்லை என்று தீர்மானித்தார்கள்.

மருத்துவப் பகுதியில் ஒரு வசனத்துக்கு விவாதம் நடந்தது. “இங்கே இருக்கும்போதுதான் வந்தது” என்று தொற்றைப் பற்றி எழுதலாமா? வழக்கு வரும் என்று ஒருவர் பயந்தார். ஆனால் அது பதிவேட்டில் உள்ள உண்மை, குடும்பத்துக்கும் சொல்லப்பட்டது. பதிவேட்டில் இல்லாத எதையும் கடிதம் சொல்லக்கூடாது, பதிவேட்டில் உள்ளதைத் திரிக்கவும் கூடாது என்ற அளவுகோலை வைத்து அந்த வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வரைவைப் பணிப்பாளரிடம் காட்டிவிட்டே எழுதினார்கள். தனிப்பட்ட கடிதம் என்பதால் வைத்தியசாலைத் தலைப்புத் தாள் பயன்படுத்தவில்லை.

பெயரில் தவறு வராமலிருக்க, கட்டில் தலைமாட்டுச் சீட்டிலிருந்த பெயரை மரணத்தை அறிக்கையிட்ட பத்திரத்துடன் ஒப்பிட்டார்கள். சீட்டில் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தது. அவசரத்தில் அனுமதிக்கும்போது இது அடிக்கடி நடப்பதுதான். இரங்கற் கடிதத்தில் பெயர் பிழைத்தால் மற்ற எந்த வசனமும் எடுபடாது.

அனுப்பிய கடிதம்

அம்மாவுக்கு,

உங்கள் கணவர் இறந்த அன்று விடிய நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தது பிழையோ என்று. நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த நோய்க்கான மருந்தைப் பலவீனம் தொடங்கி இரண்டு கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அவருக்கு ஐந்தாம் நாளே தொடங்கினோம். அந்த மூன்று நாளால் மருந்துக்கான காலம் தவறவில்லை. எண்ணெய் பூசியதாலோ ஒத்தடம் கொடுத்ததாலோ நோய் கூடவுமில்லை.

அவர் இறந்தது நுரையீரலில் வந்த கிருமித்தொற்றினால். நெடுநாள் சுவாச இயந்திரத்தில் இருப்பவர்களுக்கு இது வருவதுண்டு. அவருக்கும் இங்கே இருக்கும்போதுதான் வந்தது. மருந்தை இரண்டு தடவை மாற்றினோம். கட்டுப்படவில்லை.

அன்றிரவு உங்களை வீட்டுக்குப் போகச் சொன்னது நாங்கள். விடிவதற்குள் நிலைமை அப்படி மாறுமென்று நாங்கள் கணிக்கவில்லை. நீங்கள் அருகில் இல்லாமற்போனது எங்கள் சொல்லால் நடந்தது. அதற்காக வருந்துகிறோம். மாலையிலிருந்தே அவருக்கு நினைவு மங்கியிருந்தது. வேதனைப்பட்டதாகத் தெரியவில்லை. 3 மணியிலிருந்து முடியும்வரை கீழே கையொப்பமிட்டிருக்கும் தாதி அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார்.

எழுத்து அட்டையில் அவர் அதிகம் கேட்டது கிணற்று மோட்டரைப் பற்றித்தான். தண்ணி இறைச்சாச்சு என்று நீங்கள் சொன்னால்தான் கண்ணை மூடுவார். வெங்காயம் கிண்டியாச்சு என்று நீங்கள் சொன்ன அன்று “விலை” என்று கேட்டார். அதை எங்கள் பிரிவில் இன்னும் சொல்லிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் வந்து அவரின் கை கால்களை மடக்கி நீட்டி விட்டீர்கள். 68 நாள் படுக்கையில் இருந்தவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை. அதில் பெரும் பங்கு உங்களுடையது.

கேட்க ஏதும் இருந்தால் செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வாருங்கள், அல்லது கீழே உள்ள இலக்கத்துக்கு எடுங்கள். யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம். வர மனமில்லையென்றால் வரவேண்டியதில்லை.

(வைத்தியர், தாதி இருவரின் கையொப்பம்)

பின் நடந்தவை

முதலில் நடந்தது ஒரு பிசகு. வெள்ளைத்தாளில் கையால் எழுதிய கடிதத்தை வைத்தியர் அலுவலகத்தில் தபாலுக்குக் கொடுத்தார். எழுதுவினைஞர் வழக்கப்படி பழுப்பு நிற அரச உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். பதினைந்தாம் நாள் தபாற்காரர் கையொப்பம் கேட்டு நின்றபோது, மரண விசாரணை தொடர்பாக ஏதோ வந்துவிட்டதென்று வீட்டில் பதற்றம். தமையனார் வரும்வரை உறையை உடைக்கவில்லை. உடைத்தபோது, தவிர்க்க நினைத்தது நடந்தது: அவர் அதை உறவினர் நாலைந்து பேர் முன்னால் சத்தமாக வாசித்தார். தொற்று இங்கே வந்தது என்ற வசனத்தில் ஒருவர் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார். மனைவி, “அது எங்களுக்கு முந்தியே சொன்னவை” என்று சொல்லி மேலே வாசிக்கச் சொன்னாராம். மூன்றாம் கிழமையில் குடும்பத்தை இருத்திப் பேசியிருக்காவிட்டால் அந்த இடத்திலேயே விடயம் கைமீறிப் போயிருக்கும்.

இருபதாம் நாள் தமையனார் தொலைபேசி எடுத்தார். அந்தியேட்டி நினைவு மலரில் கடிதத்தைப் போடலாமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கடிதம் எழுதும்போது ஒருவரும் இதை நினைக்கவில்லை. கடிதம் அம்மாவுடையது, அவரின் விருப்பமே முடிவு என்று வைத்தியர் சொன்னார். நோய் விபரமுள்ள பகுதிகள் நூற்றுக்கணக்கான கைகளுக்குப் போகும் என்பதை மட்டும் அவரிடம் எடுத்துச் சொல்லக் கேட்டுக்கொண்டார். மலரில் வந்தது மோட்டரைப் பற்றிய பந்தி மட்டும்.

கனடாவிலுள்ள மகன் ஒரு மாதத்தின் பின் அழைத்தார். கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தால் என்ன என்பது அவரின் கேள்வி. அதே மருந்து, அதே அளவு, அதே இயந்திரம் என்று விளக்கினார்கள். தொற்றின் அபாயம் அங்கேயும் இருந்திருக்கும், இயந்திரத்தில் இருந்தவரை வாகனத்தில் அவ்வளவு தூரம் ஏற்றுவதில் தனி ஆபத்தும் இருந்தது. அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுபடி அழைக்கவுமில்லை.

ஒன்பதாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியும் மகளும் வந்தார்கள். நாற்பது நிமிடம் இருந்தார்கள். மூன்று நாள் பற்றிய கேள்வி திரும்ப வந்தது, ஆனால் வேறு விதமாக: “ரெண்டு கிழமை எண்டது எல்லாருக்குமோ, அவருக்கு மட்டுமோ?” அவர் அந்த வசனத்தைப் பல தடவை வாசித்து, அதன் உறுதியைச் சோதித்திருக்கிறார். எல்லோருக்கும்தான் என்று வைத்தியர் சொன்னார். மருந்து நேரத்துக்குக் கிடைத்தாலும் சிலர் இறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு மகள் தாதியிடம் திரும்பினார். “அப்பா வேற என்ன எழுதினவர்?” தாதி வைத்தியரைப் பார்த்தார், பிறகு சொன்னார். வீட்டுக்கு வரக் கேட்டார், ஒரு நாள், மூன்று தடவை. மனைவி அழுதார். பிறகு, அது தனக்குத் தெரியும், தன்னிடமும் கண்ணால் வாசலைக் காட்டியவர் என்றார். மறைத்திருந்தால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை மறைத்ததாக முடிந்திருக்கும்.

கொப்பியைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டார். கொப்பி இல்லை. கடிதம் எழுதிய பின் அந்தக் கட்டிலைத் திரும்பச் சுத்தம் செய்தபோது, தொற்றுத் தடுப்பு ஒழுங்குப்படி, பக்கத்திலிருந்த காகிதங்கள் எல்லாவற்றுடனும் எரிக்கப் போய்விட்டது.

இனி மாற்றப்படுவன

உறையும் அனுப்பும் முறையும் உடனே மாற்றப்பட்டன. வெள்ளை உறை, பின்பக்கத்தில் எழுதியவரின் பெயர், சாதாரண தபால். அனுப்பும் நாளில் பெறுபவருக்குத் தாதி ஒருவர் தொலைபேசி எடுத்து, கடிதமொன்று வருகிறது, அலுவலக விடயம் எதுவுமில்லை என்று சொல்கிறார்.

கடிதம் இரண்டு தாளாகிறது. நோய், மருந்து, இறந்த நேரம் பற்றியவை தனித் தாளில். இறந்தவரையும் குடும்பத்தையும் பற்றியவை இன்னொன்றில். சத்தமாக வாசிக்கவோ மலரில் அடிக்கவோ எடுத்தால் இரண்டாவது தாளை மட்டும் எடுக்கலாம். இந்த ஊரில் இரங்கற் கடிதம் ஒருவருக்கென்று எழுதினாலும் சபைக்குப் போகும் என்று எண்ணியே எழுத வேண்டும்.

இரண்டு கிழமை பற்றிய வசனம் திருத்தி எழுதப்பட வேண்டியது. “மருந்துக்கான காலம் தவறவில்லை” என்பது சரி. ஆனால் அதை மட்டும் சொன்னால், நேரத்துக்குக் கொடுத்தும் ஏன் இறந்தார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. மருந்து கிடைத்தவர்களிலும் சிலர் தப்புவதில்லை என்ற வசனம் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

மாலையில் உறவினரை வீட்டுக்கு அனுப்பும்போது, இரவில் எந்த மாற்றத்துக்கு அழைப்போம், வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக் குறிப்பது இப்போது பதிவேட்டின் ஒரு வரி. முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தூரமென்றால், நினைவு மங்கியதுமே அழைக்கிறார்கள். சில இரவுகளில் தேவையில்லாமல் அழைத்ததாக முடிந்திருக்கிறது.

எழுத்து அட்டைக் கொப்பி இப்போது பிளாஸ்ரிக் உறைக்குள், கட்டிலை விட்டு எட்டி, தாதியர் மேசையில் இருக்கிறது. முதற் பக்கத்தில், இது யாருக்குப் போக வேண்டுமென்று நோயாளியிடமே அட்டையில் கேட்டு எழுதுகிறார்கள். அடுத்து வந்த நோயாளி, 34 வயதுப் பெண், அந்தக் கேள்விக்குப் பதினொரு நிமிடம் எடுத்து, தன் மகளின் பெயரையும், “பெரிசானாப்பிறகு” என்ற சொல்லையும் எழுதினார். அவர் ஐந்து மாதத்தில் நடந்து வீட்டுக்குப் போனார், கொப்பியையும் கொண்டுபோனார்.